திரையில் சரி, திருத்தும்போது தவறு

கல்லூரி முதலாண்டில் சி மொழி லேபில் தரப்படும் எளிய கணக்கு ஒன்று உண்டு. சில எண்களைப் படித்து, அவற்றைத் தலைகீழ் வரிசையில் ஒரே வரியில் அச்சிட வேண்டும். 1 2 3 என்று கொடுத்தால் 3 2 1 என்று வர வேண்டும். முக்கால்வாசி மாணவர்கள் அதை இப்படித்தான் எழுதுவார்கள்:

```c
for (int i = n - 1; i >= 0; i--)
    printf("%d ", a[i]);
printf("\n");
```

ஓட்டிப் பார்த்தால் திரையில் 3 2 1 என்று வருகிறது. மைனஸ் எண்களைக் கொடுத்தாலும் சரி, ஒரே ஓர் எண்ணைக் கொடுத்தாலும் சரி, விடை பிசகுவதில்லை. நிம்மதியாகச் சமர்ப்பித்தால், விடைகளைத் தானாகத் திருத்தும் ஆட்டோகிரேடர் அத்தனை டெஸ்ட் கேஸிலும் தவறு என்கிறது. எதிர்பார்த்த அவுட்புட் 3 2 1, உங்கள் அவுட்புட் 3 2 1 என்று இரண்டையும் அருகருகே வேறு காட்டுகிறது. அந்த மாணவர் அடுத்த ஒரு மணி நேரத்தை எங்கே செலவிடுவார் என்று ஊகிக்கலாம்: சரியாக இருக்கும் லூப்பில் இல்லாத தவறைத் தேடுவதில்.

தவறு இருக்கும் இடம் `"%d "` என்ற மேற்கோளுக்குள், d-க்குப் பின்னால். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் ஒரு ஸ்பேஸ் என்று அது சொல்கிறது. கடைசி எண்ணான 1-க்குப் பிறகும் ஒரு ஸ்பேஸ் போகிறது. திரையில் அதைப் பார்க்க முடியாது. வரியின் வலது பக்கம் ஏற்கெனவே வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆட்டோகிரேடருக்கோ திரை என்று ஒன்றே கிடையாது. புரோகிராம் வெளியிட்டதை ஒரு கோப்பில் வாங்கிக்கொண்டு, விடைக் கோப்புடன் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. அதையே நாமும் செய்து பார்க்கலாம். லினக்ஸில் `cat -A` என்ற கட்டளை ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் ஒரு டாலர் குறி போட்டுக் காட்டும் (மேக்கில் `cat -et`):

```
$ ./a.out < in.txt > out.txt
$ cat -A out.txt
3 2 1 $
$ cat -A expected.txt
3 2 1$
```

டாலர் குறிக்கு முன்னால் உள்ள அந்த இடைவெளிதான் மதிப்பெண்ணைத் தின்றது. `wc -c` போட்டு எண்ணினால் நம் கோப்பில் 7 பைட், விடைக் கோப்பில் 6 பைட். `cmp` கட்டளையைக் கேட்டால் ஆறாவது பைட்டில் வேறுபாடு என்று இடத்தையே காட்டிவிடும்.

இதைத் திருத்தும் வழி, எண்ணுக்குப் பின்னால் போட்ட ஸ்பேஸை முன்னால் கொண்டுவந்து, முதல் எண்ணுக்கு மட்டும் அதைத் தவிர்ப்பது:

```c
for (int i = n - 1; i >= 0; i--) {
    if (i < n - 1) printf(" ");
    printf("%d", a[i]);
}
printf("\n");
```

சிலர் கடைசி எண்ணோடு நியூலைனையும் சேர்த்து லூப்புக்குள்ளேயே அச்சிடுவார்கள். n பூஜ்யமாக வரும் டெஸ்ட் கேஸ் இருந்தால் அந்த லூப் ஒரு தடவைகூட ஓடாது, நியூலைனும் வராது. அதனால் நியூலைனை வெளியே வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

கொஞ்சம் தேறிய மாணவர்கள் கண்ணை நம்ப மாட்டார்கள். தாங்களே ஒரு சின்ன டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதி, அதில் பாஸ் ஆன பிறகுதான் அனுப்புவார்கள். அவர்களும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்:

```
if [ "$(./a.out < in.txt)" = "$(cat expected.txt)" ]
```

பார்த்தால் இரண்டு அவுட்புட்டையும் அப்படியே ஒப்பிடுவது போலத்தான் தெரியும். ஆனால் ஷெல்லில் `$( )` என்று எழுதினால், உள்ளே கிடைத்த எழுத்துகளின் கடைசியில் உள்ள நியூலைன்கள் அத்தனையையும் அது வெட்டிவிட்டுத்தான் தருகிறது. ஷெல்லின் விதியே அது. புரோகிராம் கடைசி வரியில் `\n` போட மறந்திருந்தாலும், கூடுதலாக ஐந்து காலி வரிகளைக் கொட்டியிருந்தாலும் இந்தச் சோதனையில் சமம் என்றுதான் வரும். பைட் கணக்கு பார்க்கும் ஆட்டோகிரேடரில் இரண்டுமே தவறாகிவிடும். கடைசி வரிக்கு ஏன் நியூலைன் வேண்டும் என்று கேட்கலாம். யூனிக்ஸ் உலகின் பொது வரையறையான போசிக்ஸ், நியூலைனோடு முடிவதைத்தான் வரி என்கிறது. சி மொழியின் தரநிலை இதைக் கட்டாயமாக்காமல், கடைசி வரிக்கு அது தேவையா என்பதை அந்தந்தக் கம்ப்யூட்டர் அமைப்பின் முடிவுக்கு விட்டுவிட்டது. விடைக் கோப்பில் நியூலைன் இருந்தால் நாமும் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் மேலே உள்ள வரிக்குப் பதிலாக `diff out.txt expected.txt` போதும். ஒரு கோப்பில் மட்டும் கடைசி நியூலைன் இல்லையென்றால் `\ No newline at end of file` என்று அது எழுதிக் காட்டும். `diff -w` மட்டும் வேண்டாம், அது ஸ்பேஸ் வேறுபாடுகளைக் கண்டுகொள்ளாது.

மூன்றாவது சிக்கல் அவுட்புட்டில் பிறப்பதில்லை, இன்புட் வழியாக வருகிறது. இதுதான் மூன்றிலும் பிடிபடாதது. விண்டோஸில் உருவாக்கிய உரைக் கோப்பில் ஒவ்வொரு வரியும் இரண்டு பைட்களோடு முடியும்: கேரேஜ் ரிட்டர்ன், அதாவது `\r`, அடுத்து `\n`. பழைய டெலிடைப் எந்திரங்களில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறியும், தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறியும் தேவைப்பட்டன. டாஸும் அதன் வழியில் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன, யூனிக்ஸும் அதைப் பின்பற்றிய லினக்ஸும் `\n` மட்டும் போதும் என்று விட்டன. விண்டோஸில் ஓடும் சி புரோகிராம் சாதாரணமாக இன்புட்டைப் படிக்கும்போது, சி நூலகமே அந்த `\r`-ஐ எடுத்துவிட்டு `\n`-ஐ மட்டும் கொடுக்கிறது. லினக்ஸில் எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஆக, ஒரே புரோகிராம், ஒரே கோப்பு, வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் பாஸ், லினக்ஸில் ஓடும் ஆட்டோகிரேடரில் ஃபெயில்.

நம் லேப்களில் இருவழிச் சொல்லுக்கு வழக்கமாகத் தரும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். இன்புட் கோப்பில் malayalam என்று ஒரு வரி. மாணவர் `fgets` கொண்டு s என்ற அணியில் அந்த வரியைப் படித்து, கடைசி எழுத்து நியூலைன்தான் என்று நம்பி வெட்டுகிறார்:

```c
s[strlen(s) - 1] = '\0';
```

லினக்ஸில் இந்த வரி `\n`-ஐ வெட்டும், `\r` அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது எழுத்துச் சொல்லுக்கு `strlen` 10 என்று சொல்லும். முதல் எழுத்து m, கடைசி எழுத்து `\r`. முதல் ஒப்பீட்டிலேயே இருவழிச் சொல் இல்லை என்று முடிவாகிவிடும். புரோகிராம் `"%s no\n"` என்று அச்சிடுவதாக இருந்தால், டெர்மினலில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். malayalam அச்சாகும், `\r` வந்ததும் கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும், அதன் மேலேயே ஒரு ஸ்பேஸும் no-வும் எழுதப்படும். கடைசியில் திரையில் நிற்பது `noayalam`, அதுவும் ஒரு ஸ்பேஸ் தள்ளி. அவுட்புட்டின் முன்பகுதி இப்படி அழிந்து வேறு ஏதோவாகத் தெரிந்தால், உடனே `\r`-ஐச் சந்தேகிக்கலாம். `cat -A in.txt` போட்டால் வரிக் கடைசியில் `^M$` என்று நிற்கும்.

அதே வெட்டும் வரியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இன்புட் கோப்பின் கடைசி வரி நியூலைன் இல்லாமல் முடிந்தால், வெட்டுப்படுவது சொல்லின் கடைசி எழுத்தான m. கையால் தட்டச்சு செய்து சோதிக்கும்போது நாம் எப்போதும் என்டர் தட்டுகிறோம், அதனால் இது தலைகாட்டுவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து:

```c
s[strcspn(s, "\r\n")] = '\0';
```

`\r` அல்லது `\n` முதலில் எங்கே வருகிறதோ அங்கே வரியை முடி, இரண்டுமே இல்லையென்றால் எதையும் தொடாதே என்பது இதன் பொருள்.

இதையெல்லாம் ஆட்டோகிரேடரே பெரிய மனதோடு விட்டுவிடக் கூடாதா? பல இடங்களில் விடுகிறார்கள். ஐசிபிசி புரோகிராமிங் போட்டிகளில் பயன்படும் டோம்ஜட்ஜ் மென்பொருள், தனியாக எதுவும் அமைக்காவிட்டால், இடைவெளி வேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் `Passed after ignoring Presentation Error` என்ற வாசகம் பல மாணவர்களுக்குப் பழக்கமானது. விடை சரி, அச்சிட்ட விதத்தில்தான் குறை, மன்னித்துவிட்டோம் என்று அது சொல்கிறது. எண்களை அச்சிடும் கணக்குகளில் இதுதான் நியாயமான நடைமுறை என்று உறுதியாக நினைக்கிறேன். வரிசையைத் திருப்பத் தெரிகிறதா என்று சோதிக்கும் தேர்வில், வலது ஓரத்து ஸ்பேஸுக்காகப் பூஜ்யம் போடுவது எதையும் அளக்காது.

ஆனால் எல்லாக் கணக்குக்கும் அப்படி விட முடியாது. நட்சத்திரக் குறிகளால் பிரமிடு வரையச் சொல்லும் பயிற்சியில் ஸ்பேஸ்தான் விடையே. இடைவெளியைக் கண்டுகொள்ளாத திருத்தி, இடது ஓரமாகச் சரிந்து நிற்கும் நட்சத்திரங்களுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடும். அங்கேயும் வரியின் இடது பக்கத்து ஸ்பேஸ்களை வைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் தொங்குபவற்றை மட்டும் இரண்டு கோப்பிலும் கழித்துவிட்டு ஒப்பிடலாம். கடுமையான ஒப்பீடுதான் வேண்டும் என்றால், தவறு என்று சொல்லும்போது ஸ்பேஸையும் நியூலைனையும் கண்ணுக்குத் தெரியும் குறியாகக் காட்டுவது ஆசிரியரின் கடமை.

ஏனென்றால் சில சமயம் அந்த ஸ்பேஸ் மாணவருடையதே அல்ல. விடைக் கோப்பை ஆசிரியர் கையால் தட்டச்சு செய்வது அபூர்வம். தன் புரோகிராமை ஓட்டி வந்த அவுட்புட்டைத்தான் அப்படியே சேமிக்கிறார். அந்தப் புரோகிராமில் `"%d "` இருந்தால் விடைக் கோப்பிலேயே ஸ்பேஸ் தொங்கும், ஒழுங்காக எழுதிய மாணவர் தோற்பார். வினாத்தாளின் பிடிஎஃபைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மாதிரி விடைக் கோப்பையே இறக்கிக்கொண்டு `cat -A` போட்டுப் பார்க்க வேண்டும். அதில் `3 2 1 $` என்று இருந்தால், சமர்ப்பிக்கும் புரோகிராமில் அந்த ஸ்பேஸை வைத்தே அனுப்பிவிட்டு, அந்த இரண்டு வரி `cat -A` அவுட்புட்டை ஆசிரியருக்கும் அனுப்பிவையுங்கள்.