காருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் - உங்கள் மொபைல் போனில்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு குடும்பத்தின் பெட்ரோல் காரை எடுத்துக் கொள்வோம். பள்ளி, கடைவீதி, எப்போதாவது நாமக்கல், விடுமுறையில் ஏற்காடு என்று மாதம் சுமார் 500 கி.மீ. ஓடுகிறது. அப்பா, அம்மா, மகன் மூவரும் ஓட்டுகிறார்கள். அடுத்த சர்வீஸ் எப்போது என்று கேட்டால் மூவரும் மூன்று பதில் சொல்வார்கள். இந்தக் கணக்கை மொபைல் போனிடம் விட்டுவிடலாம்.

இதற்கான புரோகிராம்கள் பல உள்ளன. Fuelio, Drivvo ஆகிய இரண்டும் பலர் பயன்படுத்துபவை. பிளே ஸ்டோரில் பெயரை டைப் செய்து தேடி, ஒன்றை மட்டும் இன்ஸ்டால் செய்திடுங்கள். முதலில் காரின் பெயர், எரிபொருள் வகை, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் ஆகியவற்றை செட் செய்திட வேண்டும். திரையில் உள்ள சொற்கள் புரோகிராமுக்குப் புரோகிராம் சற்று மாறலாம், வழி ஒன்றுதான்.

பெட்ரோல் கணக்கு

ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் மூன்று விவரங்களைத் தர வேண்டும். அவை மீட்டரில் உள்ள மொத்த கிலோமீட்டர், லிட்டர், கொடுத்த தொகை. இத்துடன் Full tank என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். கணக்கு சரியாக வருவதும் தவறாகப் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

டேங்க்கில் எவ்வளவு மீதம் உள்ளது என்று புரோகிராமுக்குத் தெரியாது. ஒரு ஃபுல் டேங்க்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை போட்ட லிட்டரைக் கூட்டி, ஓடிய தூரத்தை அதனால் வகுத்துத்தான் மைலேஜ் காட்டுகிறது. அதனால் முதல் பதிவில் மைலேஜ் வராது. நாம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு என்று கேட்டுத்தான் போடுகிறோம். அப்போது அந்தக் கட்டத்தில் டிக் செய்யக் கூடாது.

கணக்கு எளிதாக இருக்க, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மீட்டர் 18,240 காட்டும்போது ஃபுல் டேங்க். பிறகு 18,390ல் 1,000 ரூபாய்க்கு 10 லிட்டர். பின்னர் 18,690ல் மீண்டும் ஃபுல் டேங்க், 15 லிட்டர். மொத்தம் 450 கி.மீ., 25 லிட்டர், மைலேஜ் 18. ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு சுமார் 5 ரூபாய் 56 காசு.

நடுவில் போட்ட 10 லிட்டரையும் ஃபுல் டேங்க் என்று டிக் செய்தால், முதலில் 15 என்றும் அடுத்து 20 என்றும் காட்டும். பங்க்கின் மீது வீண் சந்தேகம் வரும். அதைப் பதியவே மறந்தால் 30 என்று காட்டும். இப்படித் திடீரென்று மைலேஜ் எகிறினால், ஏதோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அறியலாம்.

ஏற்காடு மலை ஏறிய வாரம் மைலேஜ் குறைவது இயல்பு. வழக்கமான சாலைகளிலேயே தொடர்ந்து மூன்று ஃபுல் டேங்க் கணக்குகளில் குறைந்தால் முதலில் டயர் காற்றையும், பிறகு ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

சர்வீஸ் நினைவூட்டல்

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்திடுங்கள். நம் கார் ஜனவரியில் 17,400 கி.மீ.ல் சர்வீஸ் ஆனது. கிலோமீட்டரை மட்டும் செட் செய்தால் 27,400 வர 20 மாதங்கள் ஆகும். புரோகிராம் அதுவரை மௌனமாக இருக்கும். ஆனால் அடுத்த ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும். வாரண்டி காலத்தில் கெடுவைத் தவறவிட்டால், பின்னர் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரலாம். எனவே Reminder பகுதியில் கிலோமீட்டர், தேதி இரண்டையும் தாருங்கள்.

இன்னொன்று. புரோகிராம் கார் மீட்டரைப் பார்ப்பதில்லை. நீங்கள் கடைசியாகப் பதிந்த எண்தான் அதற்குத் தெரியும். நம் காரில் இரண்டு பதிவுகளுக்கு இடையே 300 கி.மீ. ஓடியதைப் பார்த்தோம். எனவே கெடுவுக்கு 500 கி.மீ. முன்பாகவும் 15 நாள் முன்பாகவும் நினைவூட்டும்படி அமையுங்கள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டுக்கும் தேதி மட்டும் போதும்.

எல்லாம் செட் செய்தும் செய்தி வரவில்லையா? ஆண்ட்ராய்ட் 13 (2022) முதல், அறிவிப்பு காட்ட ஒவ்வொரு புரோகிராமுக்கும் நீங்கள் அனுமதி தர வேண்டும். Settings, Apps சென்று, புரோகிராமின் பெயரில் Notifications இயங்குகிறதா எனப் பாருங்கள். அங்கேயே Battery பிரிவில் Unrestricted தேர்ந்தெடுத்திடுங்கள். நாளைக்கே தேதி வைத்து ஒரு நினைவூட்டலை அமைத்துச் சோதித்துவிடலாம்.

மூவர் ஓட்டினாலும் கணக்கு ஒரே போனில் இருக்கட்டும். மற்றவர்கள் பங்க்கிலேயே பில்லையும் மீட்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மாதம் ஒருமுறை Export மூலம் CSV பைலாக மாற்றி, உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்திடுங்கள். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அது திறக்கும். போன் தொலைந்தாலும் காரின் கணக்கு தொலையாது.