‘தப்பு’ வேறு, ‘சொல்லவே இல்லை’ வேறு: ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் மார்க் நழுவும் இடம்

ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு வந்தவர்களிடம் ரீடிங் எப்படி இருந்தது என்று கேட்டால், பாசேஜ் கஷ்டம் என்று சொல்பவர்களைவிட “அந்த நாட் கிவன்தான் குழப்பிடுச்சு” என்று சொல்பவர்கள் அதிகம். ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். பாசேஜோடு ஒத்துப்போனால் ட்ரூ, பாசேஜுக்கு முரணாக இருந்தால் ஃபால்ஸ், அதைப் பற்றித் தகவலே இல்லையென்றால் நாட் கிவன். விதி இவ்வளவுதான். ஆனாலும் கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் மார்க் நழுவுகிறது.

நழுவுவது சின்ன மார்க் அல்ல. ரீடிங்கில் மொத்தம் 40 கேள்விகள், 60 நிமிடம். அகாடமிக் தேர்வில் 23 சரியாக இருந்தால் பேண்ட் 6 வாக்கில் வரும்; 30 சரியாக இருந்தால் 7 வாக்கில் வரும். அதாவது ஒரு முழு பேண்டுக்கு இடையே இருப்பது ஏழு கேள்விகள்தான். ட்ரூ, ஃபால்ஸ் வகைக் கேள்விகளோ ஒரே பாசேஜில் ஐந்தாறு சேர்ந்து வருவது சாதாரணம். இரண்டு மூன்றை மாற்றிப் போட்டாலே, பல்கலைக்கழகம் கேட்கும் பேண்டுக்குக் கீழே இறங்கிவிட வாய்ப்புண்டு.

நம்மில் பலருக்கு இது குழப்புவதற்கு ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை. நாம் பேசும் தமிழுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. “பாலம் 1920-லயா திறந்தாங்க?” என்று கேட்டால் “இல்லை” என்போம். “பாலத்துக்கு எவ்வளவு செலவாச்சுன்னு இதுல போட்டிருக்கா?” என்று கேட்டாலும் “இல்லை” என்போம். முதல் ‘இல்லை’ ஒரு தகவலை மறுக்கிறது. இரண்டாவது ‘இல்லை’, தகவலே கிடையாது என்கிறது. எழுத்துத் தமிழில் இதற்கு ‘அல்ல’, ‘இல்லை’ என்று இரண்டு சொற்கள் தனித்தனியாக உண்டு. பேச்சில் ‘அல்ல’ கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. தேர்வில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்: ‘அது அப்படி அல்ல’ என்றால் ஃபால்ஸ், ‘அது இங்கே இல்லை’ என்றால் நாட் கிவன்.

ஒரு சின்ன பாசேஜை வைத்தே பார்த்துவிடலாம். ஆங்கிலம் குறுக்கே வராமல் இருக்கத் தமிழிலேயே தருகிறேன்.

“பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. கப்பல்கள் கடந்து செல்வதற்காக அதில் திறந்து மூடும் தூக்குப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி தப்பியது. பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. 1988-ல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, ராமேஸ்வரம் தீவை நிலப்பகுதியுடன் இணைத்த ஒரே பாலம் இதுதான்.”

முதல் வாக்கியம்: ‘புயலில் பாலத்தின் எந்தப் பகுதியும் தப்பவில்லை.’ இது ஃபால்ஸ். ‘தூக்குப் பகுதி தப்பியது’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டலாம். இதுதான் ஃபால்ஸுக்கு அடையாளம்: பாசேஜில் உள்ள சொற்களை வைத்தே அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுத முடியும்.

அடுத்து: ‘சீரமைப்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் இ. ஸ்ரீதரன்.’ இங்கேதான் விவரம் தெரிந்தவர்கள் மாட்டுவார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பெயர் பெற்ற ஸ்ரீதரன்தான் அந்தப் பணியை முன்னின்று முடித்தவர். விஷயம் உண்மை. ஆனால் விடை நாட் கிவன். பாசேஜில் யார் பெயரும் இல்லை. உலகத்தில் எது உண்மை என்று தேர்வு கேட்கவில்லை. இந்த பாசேஜ் என்ன சொல்கிறது என்றுதான் கேட்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் பாசேஜ் வந்தால் சந்தோஷப்படுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மூன்றாவது இன்னும் நுட்பமானது: ‘சீரமைப்புப் பணி திட்டமிட்டதைவிட விரைவாக முடிந்தது.’ 46 நாள் என்றதுமே மனசு “ஆமா, சீக்கிரம்தானே” என்கிறது. கடலுக்கு நடுவே இருக்கும் பாலம், ஒன்றரை மாதத்தில் முடிந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு நாள் திட்டமிட்டார்கள் என்று பாசேஜில் எங்கே இருக்கிறது? ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு அளவு வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. எனவே நாட் கிவன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் மூன்று விடைகளின் வேறுபாடும் பிடிபட்டுவிடும். ‘இந்தப் பணிக்கு 90 நாள் ஒதுக்கப்பட்டிருந்தது’ என்று பாசேஜில் ஒரு வரி கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே வாக்கியம் உடனே ட்ரூ ஆகிவிடும். ‘விரைவாக’ என்ற சொல் பாசேஜில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரியில் 90-க்குப் பதில் 40 நாள் என்று போட்டால் ஃபால்ஸ். அந்த வரியே இல்லாதபோது, திட்டம் 90 நாளாகவும் இருந்திருக்கலாம், 40 நாளாகவும் இருந்திருக்கலாம். பாசேஜ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

சந்தேகம் வரும்போது செய்து பார்க்க வேண்டிய சோதனையும் இதிலிருந்துதான் வருகிறது. கேள்வி வாக்கியத்தை பாசேஜின் கடைசியில் ஒட்டிப் படித்துப் பாருங்கள். பிறகு அதன் எதிர் வாக்கியத்தை ஒட்டிப் படித்துப் பாருங்கள். ‘திட்டமிட்டதைவிட விரைவாக முடிந்தது’ என்று ஒட்டினாலும் எங்கும் முட்டவில்லை, ‘திட்டமிட்டதைவிட விரைவாக முடியவில்லை’ என்று ஒட்டினாலும் முட்டவில்லை என்றால் நாட் கிவன். வாக்கியத்தை ஒட்டியதும் முட்டினால் ஃபால்ஸ். எதிர் வாக்கியம் மட்டும் முட்டினால் ட்ரூ. பத்து விநாடி வேலைதான்.

காரணம் கேட்கும் வாக்கியங்களில் இந்தச் சோதனை ரொம்பவே உதவும். ‘புயல் சேதத்தின் காரணமாகவே சாலைப் பாலம் கட்டப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் வந்தால்? 1964-ல் புயல், 1988-ல் சாலைப் பாலம். ஒன்றன் பின் ஒன்றாக இருப்பதால் முடிச்சுப் போடத் தோன்றும். பாசேஜ் அந்த முடிச்சைப் போடவில்லை. சேதத்தால் கட்டினார்கள் என்றாலும், போக்குவரத்து பெருகியதால் கட்டினார்கள் என்றாலும் எந்த வரியும் பொய்யாகாது. நாட் கிவன்.

சிலர் இதற்கு நேர் எதிரான பள்ளத்தில் விழுவார்கள். கேள்வியில் உள்ள சொல் பாசேஜில் கண்ணில் படவில்லை என்றதும் நாட் கிவன் போட்டுவிடுவார்கள். ‘1980-ல் பாலம் வழியாக பஸ்ஸிலேயே ராமேஸ்வரம் தீவுக்குப் போக முடிந்தது.’ பாசேஜில் பஸ் என்ற பேச்சே கிடையாது, 1980 என்ற ஆண்டும் கிடையாது. ஆனாலும் இது ஃபால்ஸ். 1988 வரை இருந்த ஒரே பாலம் ரயில் பாலம் என்று பாசேஜ் சொல்லிவிட்டது. அந்த வரி உண்மையாக இருக்கும்போது 1980-ல் பாலத்தின் மேல் பஸ் ஓடியிருக்க முடியாது. ஃபால்ஸ் என்றால் ‘பஸ் ஓடவில்லை’ என்று நேரடியாக எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாத நிலை இருந்தால் போதும்.

ட்ரூவுக்கும் இதே கதைதான். ‘70 ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவுக்கு ஒரே ஒரு பாலம்தான் இருந்தது’ என்பதில் உள்ள எண் பாசேஜில் இல்லை. 1914-லிருந்து 1988 வரை 74 ஆண்டுகள் என்று கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாசேஜில் உள்ளதை மட்டும் வைத்து, வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல் கட்டாயமாக வந்து சேரும் முடிவு என்றால் அது ட்ரூ. ‘இருக்கலாம்’, ‘இருந்திருக்கும்’ என்ற சொல் உங்கள் மனசுக்குள் வந்துவிட்டாலே நாட் கிவன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கவனித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். நாட் கிவன் ஆன மூன்று வாக்கியங்களும் பாசேஜுக்குச் சம்பந்தமில்லாதவை அல்ல. சீரமைப்பு இருக்கிறது, தலைமை இல்லை. நாட்கள் இருக்கின்றன, திட்டம் இல்லை. புயலும் சாலைப் பாலமும் இருக்கின்றன, ‘காரணமாக’ என்ற இணைப்பு இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் அமைப்பார்கள். வாக்கியத்தில் முக்கால்வாசி பாசேஜில் இருக்கும், ஒரே ஒரு துண்டு மட்டும் இருக்காது. அதனால் ஒப்பீடு, காரணம், ‘மட்டும்’, ‘முதன்முதலாக’, ‘எல்லா’ போன்ற சொற்கள் கேள்வியில் வந்தால், முதலில் அந்தச் சொல்லுக்குத்தான் பாசேஜில் ஆதாரம் தேட வேண்டும்.

நேரம் வீணாவதும் இங்கேதான். ஃபால்ஸுக்கு பாசேஜில் ஓர் இடம் உண்டு. நாட் கிவனுக்கு இடமே கிடையாது. இல்லாததைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த வகைக் கேள்விகள் பொதுவாக பாசேஜின் வரிசையிலேயே வரும். எனவே நான்காம் கேள்வியில் சிக்கினால், மூன்றுக்கும் ஐந்துக்கும் விடை இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வரிகளை மட்டும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். அங்கே இல்லையென்றால் நாட் கிவன் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தப்பான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது என்பதால் எந்தக் கேள்வியையும் காலியாக விடத் தேவையில்லை.

சில பாசேஜ்களில் ட்ரூ, ஃபால்ஸுக்குப் பதில் யெஸ், நோ, நாட் கிவன் என்று இருக்கும். அங்கே சரிபார்க்க வேண்டியது தகவலை அல்ல, கட்டுரையாளரின் கருத்தை. அவர் ஓர் ஆய்வாளர் சொன்னதை எடுத்துக்காட்டிவிட்டு, தன் கருத்தைச் சொல்லாமலே நகர்ந்திருப்பார். ‘கட்டுரையாளர் இதை ஏற்கிறார்’ என்று கேள்வி வந்தால், மேற்கோள் எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் விடை நாட் கிவன்தான். விடைத்தாளில் எழுதும்போது நோ என்று கேட்ட இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதிவிடாமல், கேள்விக்கு மேலே என்ன சொல் கொடுத்திருக்கிறார்களோ அதையே எழுத வேண்டும்.