‘வேண்டும்’ என்ற சொல்லும் அதன் மூன்று குரல்களும்

சீனன்குடாவில் வேலைக்குப் போகும் எமது சகோதரிகள் பலர் ஏதோ ஒரு அறிவித்தல் பலகையின் முன்னால் நின்று வாசித்திருப்பார்கள். ஆலையோ, முன்பள்ளியோ, தொண்டு நிறுவனமோ, எங்கும் “ஊழியர்கள் கவனத்திற்கு” என்று ஒரு கடதாசி ஒட்டப்பட்டிருக்கும். அதில் உள்ள வரிகளில் பெரும்பாலானவை ‘வேண்டும்’ என்றே முடியும். ஆனால் எல்லா ‘வேண்டும்’களும் ஒரே அளவு கனமானவை அல்ல. எது கட்டளை, எது ஆலோசனை என்று பிரித்தறியாவிட்டால், பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் கடைநிலையில் வேலை செய்யும் பெண்ணாகவே இருப்பார்.

நிறுவனங்களின் விதிகள் பல முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழுக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உண்டு. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம். செய்யாவிட்டால் அது விதிமீறல். ‘ஷுட்’ என்றால் செய்வதே சரி, ஆனால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம். ‘ஹவ் டு’ என்றாலும் கட்டாயம்தான். ஆனால் அந்தக் கட்டாயம் வெளியிலிருந்து வந்தது என்ற தொனி அதில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். மொழிபெயர்க்கும்போது மூன்றும் ‘செய்ய வேண்டும்’ என்று ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் வேறுபாடு காட்ட வழியில்லாமல் இல்லை. ‘கட்டாயம் செய்ய வேண்டும்’, ‘செய்வது நல்லது’, ‘செய்ய வேண்டியுள்ளது’ என்று நாம் நாளாந்தம் பேசுகிறோம். அறிவித்தல் எழுதுபவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நிவாரண வேலை செய்யும் ஒரு நிறுவனம், பயனாளிகளின் வீடுகளுக்குப் போகும் வெளிக்கள ஊழியர்களுக்கு ஒரு நினைவூட்டல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக எழுதலாம்.

“வீடுகளுக்குக் கட்டாயம் இருவராகவே செல்ல வேண்டும்.”

“வீடுகளுக்கு இருவராகச் செல்வது நல்லது.”

“நன்கொடையாளரின் நிபந்தனைப்படி வீடுகளுக்கு இருவராகச் செல்ல வேண்டியுள்ளது.”

முதலாவது கடுமையாகத் தோன்றும். ஆனால் ஒருநாள் மேலதிகாரி, “இன்றைக்கு ஆளில்லை தங்கச்சி, நீங்க தனியப் போயிட்டு வாங்க” என்கிறார். அப்போது அந்த இளம் தொண்டர், “கட்டாயம் என்று எழுதியிருக்கே சேர்” என்று சொல்ல முடியும். அவர் மறுத்தது தன் விருப்பத்தால் அல்ல, விதியால். இரண்டாவது வரி பண்பாக ஒலிக்கிறது. ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. நல்லது என்றுதானே எழுதியிருக்கிறது, இன்றைக்கு முடியாது என்று மேலதிகாரி சொல்லிவிடலாம். மென்மையான சொல் முடிவெடுக்கும் அதிகாரத்தை மேலே உள்ளவரிடம் விட்டுவிடுகிறது.

மூன்றாவது வரி மன்னிப்புக் கேட்பதுபோல ஒலிக்கிறது. எங்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை, வெளியே கேட்கிறார்கள், ஆகவே செய்கிறோம் என்ற தொனி அது. கணக்குப் படிவம் நிரப்புவதற்கு அந்தத் தொனி பரவாயில்லை. பெண்களின் பாதுகாப்புக்குப் பொருந்தாது. திட்டம் முடிந்து நன்கொடையாளர் போனதும் விதியும் போய்விட்டது என்று ஊழியர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ‘கட்டாயம்’ போட்டாலும் பயனில்லை. முச்சக்கரவண்டிப் பற்றுச்சீட்டை 5ஆம் திகதிக்குள் ஒப்படைப்பதும் கட்டாயம், துஷ்பிரயோகத்தை அறிவிப்பதும் கட்டாயம் என்று ஒரே தாளில் எழுதினால் இரண்டும் ஒரே எடையாகத் தெரியும். நாளடைவில் எவரும் எதையும் வாசிக்க மாட்டார்கள்.

இந்தச் சொல் வேறுபாடு எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு எம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சான்று உண்டு. 2003 ஒக்டோபர் 9ஆம் திகதி ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் தமது ஊழியர்களுக்குப் பாலியல் சுரண்டல் பற்றிய ஒரு விசேட அறிவித்தலை வெளியிட்டார். 18 வயதுக்குட்பட்டவர்களுடன் பாலுறவு தடைசெய்யப்பட்டுள்ளது என்று அது கூறியது. பணம், வேலை, பொருள், சேவை என்பவற்றுக்குப் பதிலாகப் பாலுறவு கேட்பதையும் அது தடைசெய்தது. சக ஊழியர் மீது சந்தேகம் எழுந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது; அந்த இடத்தில் இருந்த சொல் ‘மஸ்ட்’.

ஆனால் வயது வந்த பயனாளிகளுடனான பாலுறவு பற்றிய வரி மட்டும் வேறு குரலில் இருந்தது. அத்தகைய உறவு சமமற்ற அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டது என்று ஒப்புக்கொண்ட அந்த வரி, அதைத் தடைசெய்யவில்லை. அது சிறிதும் விரும்பத்தக்கதல்ல என்றே சொன்னது. சூழ்நிலையைப் பார்த்து விதிவிலக்கு அளிக்கும் அதிகாரமும் பொறுப்பதிகாரிக்கு விடப்பட்டது. உதவி அமைப்புகள் சேர்ந்த சர்வதேச நிலைக்குழுவின் ஆறு கோட்பாடுகளிலும் இதே மென்மையான சொல்லே இருந்தது.

அந்தச் சொல் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். கூடாரம், உலருணவு, வாழ்வாதார உதவி எல்லாவற்றுக்கும் பெயர்ப்பட்டியலை வைத்திருப்பவரிடமே பெண்கள் போக வேண்டியிருந்தது. தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கவும் நீக்கவும் கூடிய ஒருவரிடம் ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

2019இல் நிலைக்குழு தனது வரியை மாற்றியது. தமது பதவியையோ தராதரத்தையோ தவறாகப் பயன்படுத்தி உதவி பெறுபவருடன் கொள்ளும் எந்தப் பாலுறவும் தடைசெய்யப்பட்டுள்ளது என்று இப்போது அது கூறுகிறது. ‘விரும்பத்தக்கதல்ல’ என்பது ‘தடை’ ஆக 17 ஆண்டுகள் சென்றன; ஆறு கோட்பாடுகள் வந்தது 2002இல். ஆயினும் ‘தவறாகப் பயன்படுத்தி’ என்ற நிபந்தனை அந்த வரியில் உண்டு. தவறாகப் பயன்படுத்தினாரா இல்லையா என்பதை ஒவ்வொரு முறைப்பாட்டிலும் ஆராய வேண்டியிருக்கும்.

எதிர்மறை வரிகளில் இன்னொரு பொறி உண்டு. “முறைப்பாடு செய்தவரின் பெயரை ஊழியர்கள் வெளியிடக்கூடாது” என்றால் அது தடை, வெளியிட்டால் குற்றம். “வெளியிடத் தேவையில்லை” என்றால் விரும்பினால் வெளியிடலாம் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நொட்’ என்பதற்கும் ‘டோன்ட் ஹவ் டு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் வழுவினால், முறைப்பாடு செய்த பெண்ணின் பெயர் அடுத்த நாளே முகாம் முழுக்கப் பரவிவிடும்.

ஆகவே வேலைத்தலத்தில் ஓர் அறிவித்தலை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன நடவடிக்கை? விதிவிலக்கு உண்டா, அதை யார் தீர்மானிப்பார்? இதை யார் விதித்தது? முதற் கேள்விக்குப் பதிலே இல்லையென்றால், ‘கட்டாயம்’ என்று எழுதியிருந்தாலும் அது ஆலோசனைதான். யாரிடம் முறையிடுவது என்பதும் அதே தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதியவரிடமே கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். “இந்த வரி கட்டாயமா, ஆலோசனையா?” என்ற கேள்வி மரியாதைக் குறைவானது அல்ல. அதற்கு எழுத்தில் கிடைக்கும் பதில், நாளை ஒருவர் உங்களைத் தனியே போகச் சொல்லும்போது நீங்கள் காட்டக்கூடிய தாளாகும்.