பீட்சா கணக்கை அழிக்க முடியுமா?

2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த லாஸ்லோ ஹன்யெச் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். பிட்காயின் பிளாக்செயினின் 57,043-ஆவது பிளாக்கில் அது பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை இன்று ஒருவர் நீக்கப் பார்த்தால் என்ன நடக்கும்?

சுமார் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, புதிய பரிவர்த்தனைகள் ஒரு பிளாக்காகச் சேர்க்கப்படுகின்றன. பிளாக்கின் விவரங்களை ஒரு கணக்கீட்டில் செலுத்தினால் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீடு கிடைக்கும். அதுதான் ஹேஷ். உள்ளே ஓர் எண் மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். பேரேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவதுபோல, ஒவ்வொரு பிளாக்கும் முந்தையதன் ஹேஷைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே 57,043-இல் கை வைத்தால் அதன் ஹேஷ் மாறும். 57,044-இல் எழுதியிருப்பதோடு பொருந்தாது. திருட்டு உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் அடுத்தடுத்த பிளாக்குகளையும் திருத்திவிடலாமே? அங்கேதான் சிக்கல். எந்த ஹேஷ் வந்தாலும் செல்லும் என்றில்லை. குறிப்பிட்ட அளவைவிடச் சிறிய எண்ணாக அது அமைய வேண்டும். அதற்காக மைனர்கள் பிளாக்கிலுள்ள ஓர் எண்ணை மாற்றி மாற்றிக் கோடிக்கணக்கான முறை முயல்கிறார்கள். குறுக்குவழி கிடையாது. ஆனால் விடை சரியா என்று பார்க்க ஒரு நொடிகூட ஆகாது.

2010-இல் இந்த வேலை எளிதாக இருந்தது. அன்றைய பிளாக்குகளை இன்றைய இயந்திரங்கள் விரைவிலேயே மறுபடி உருவாக்கிவிடும். ஆனால் உலகெங்கும் பிரதி வைத்திருக்கும் கணினிகள், மொத்தத்தில் அதிக உழைப்பு செலவான சங்கிலியையே ஏற்கின்றன. எனவே அதன்பின் சேர்ந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாக்குகளின் உழைப்பைத் தனியாளாக மிஞ்ச வேண்டும். அதற்குள் மற்றவர்கள் புதிய பிளாக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படியே வென்றாலும் தன் பழைய செலவை நீக்கலாமே தவிர, அடுத்தவர் பணத்தைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. அதற்கு உரியவரின் ரகசியச் சாவியால் இட்ட கையொப்பம் வேண்டும்.

புதிய பிளாக்குகளுக்கு இந்தக் காப்பு குறைவு. 2019 ஜனவரியில் எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய வலையமைப்பில், கணினித் திறனில் பெரும்பகுதியைக் கைப்பற்றியவர்கள் அண்மைய பிளாக்குகளை மாற்றி, செலவழித்த காசையே மீண்டும் செலவழித்தார்கள். பிட்காயினில் பெரிய தொகை வாங்குவோர் ஆறு பிளாக்குகள் சேரும்வரை காத்திருக்கும் வழக்கம் இதற்காகத்தான்.

சங்கிலி திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. அதைத் தடுப்பது மறுபடி உருவாக்க ஆகும் மின்சாரமும், பலரிடம் இருக்கும் பிரதிகளும். ஒரே நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஓடும் பிளாக்செயினில் இவ்விரண்டும் இல்லையென்றால், உரிமையாளரே ஒரே இரவில் எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிடலாம்.