பத்து மீட்டர் தொலைவில் ஒரு ஸ்லைடு

பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்து அதன் சட்டத்தின் திறப்பை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படத்தின் அளவு 36-க்கு 24 மி.மீ. என்று புத்தகங்கள் சொல்லும். சட்டத்தின் வழியே தெரிவதோ சுமார் 34-க்கு 23 மி.மீ. தான். ஃபிலிமின் ஓரங்களைச் சட்டம் பிடித்துக்கொள்வதால் நாலு பக்கமும் கொஞ்சம் மறைந்துவிடுகிறது. வெளிச்சம் போவது இந்தத் திறப்பு வழியாக மட்டுமே. ஆகவே நம் கணக்கெல்லாம் இந்த 34 மி.மீ.யிலிருந்துதான் தொடங்கும்.

கோடாக் நிறுவனம் 2004-இல் ஸ்லைடு ப்ரொஜெக்டர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் கல்லூரி அலமாரிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் ஸ்லைடுகள் இருக்கின்றன, ப்ரொஜெக்டர்களும் இருக்கின்றன. யாராவது அவற்றை வெளியே எடுத்துக் காட்ட நினைத்தால் முதல் தடங்கல் பெரும்பாலும் பல்பில் வருவதில்லை, படத்தின் அளவில் வருகிறது. கருவியைப் பின்வரிசைக்குப் பின்னால் வைத்தால் படம் திரையைத் தாண்டிச் சுவரெல்லாம் பரவுகிறது. முன்னே கொண்டுவந்தால் ஆட்களின் தலை குறுக்கே வருகிறது.

11 மீட்டர் நீளமுள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். திரை எவ்வளவு அகலம் வேண்டும்? கடைசி வரிசை, படத்தின் அகலத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. அதற்கு மேல் போனால் வரைபடத்தின் எழுத்துகளைப் படிக்க முடியாது. கடைசி வரிசை 9 மீட்டரில் இருந்தால் 1.5 மீட்டர் அகலம் போதும். தாராளமாக 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரை சதுரமாக, 1.8-க்கு 1.8 ஆக இருக்கட்டும். நிமிர்ந்த வாட்டத்தில் எடுத்த படங்களில் 34 மி.மீ. உயரமாகிவிடும். சதுரத் திரை இருந்தால் ப்ரொஜெக்டரை நகர்த்தாமலேயே இரண்டு வகையையும் காட்டலாம்.

34 மி.மீ. 1800 மி.மீ. ஆக வேண்டும். 1800-ஐ 34-ஆல் வகுத்தால் 52.9. இதுதான் நமக்கு வேண்டிய உருப்பெருக்கம்.

இனி லென்ஸ். ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து லென்ஸின் நடுவழியே போகும் கதிர் வளையாமல் நேராகப் போய்த் திரையின் வலது ஓரத்தைத் தொடுகிறது. வலது ஓரத்துக் கதிர் இடது ஓரத்துக்குப் போகிறது. ஸ்லைடைத் தலைகீழாகப் போட வேண்டியிருப்பதும் இதனால்தான். லென்ஸின் நடுப்புள்ளியில் உச்சிகள் தொடும்படி இரண்டு முக்கோணங்கள் உருவாகின்றன. சின்ன முக்கோணத்தின் அடி ஸ்லைடு, பெரிய முக்கோணத்தின் அடி திரை. இரண்டும் ஒரே வடிவம். ஆகவே திரை ஸ்லைடைவிட 52.9 மடங்கு பெரிது என்றால், லென்ஸிலிருந்து திரை இருக்கும் தூரமும் ஸ்லைடு இருக்கும் தூரத்தைப் போல 52.9 மடங்கு.

ஸ்லைடு லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது நம் இஷ்டம் அல்ல. படம் தெளிவாக விழ வேண்டுமானால் அது குவியத் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்க முடியும். 90 மி.மீ. லென்ஸ் என்றால் 91.7 மி.மீ. அந்த 1.7 மி.மீ. எங்கிருந்து வந்தது? குவியத் தூரத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திரையின் தூரத்துக்கு ஒரே வரியில் கணக்கு முடிந்துவிடுகிறது:

தூரம் = குவியத் தூரம் × (உருப்பெருக்கம் + 1)

90 மி.மீ. லென்ஸை 53.9-ஆல் பெருக்கினால் 4.85 மீட்டர். நம் அறையில் அது நட்டநடுப் பகுதி. ப்ரொஜெக்டரோடு பெரும்பாலும் வரும் லென்ஸ் இந்த அளவை ஒட்டியதுதான், 85 அல்லது 90. வீட்டு ஹாலுக்கு அது பொருந்தும். அதையே நம் அறையின் பின்பக்கம் 10 மீட்டரில் வைத்தால் உருப்பெருக்கம் 110 ஆகிவிடும். படத்தின் அகலம் 3.74 மீட்டர், திரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்கைத் திருப்பிப் போடுவோம். 10 மீட்டரை 53.9-ஆல் வகுத்தால் 185 மி.மீ. அப்படியொரு லென்ஸ் கடையில் கிடைக்காது. பக்கத்தில் இருப்பது 180. அதை 53.9-ஆல் பெருக்கினால் 9.70 மீட்டர். கடைசி வரிசைக்குச் சற்றுப் பின்னே கருவி நிற்கும், அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க 1.3 மீட்டர் மிச்சம். 150 மி.மீ. எடுத்தால் 8.09 மீட்டர், ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் போய்விடும். 200 எடுத்தால் 10.78 மீட்டர், கருவியின் முதுகு சுவரில் இடிக்கும். இந்த அறைக்கு 180 தான் லென்ஸ். 70-120 ஜூம் வைத்திருப்பவர் அதை முழுக்க நீட்டினாலும் 6.47 மீட்டருக்கு மேல் போக முடியாது.

இங்கே 34-க்குப் பதிலாக 36 என்று போட்டிருந்தால் என்ன ஆகும்? உருப்பெருக்கம் 50 என்று வரும், தூரம் 9.18 மீட்டர் என்று வரும். அங்கே மேசையைப் போட்டால் படம் திரையைவிட 10 செ.மீ. குறுகலாக விழும். லென்ஸின் மேல் பொறித்த எண்ணும் ஓரிரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆகவே தூரத்தைக் கணக்குப் போட்டாலும், சோதித்துப் பார்க்காமல் மேசையின் இடத்தை முடிவு செய்யக் கூடாது. முன்னும் பின்னும் அரை மீட்டராவது நகர இடம் விட வேண்டும்.

ஸ்லைடு பெரிதானால் எல்லாம் மாறும். நம் ஊர்த் திரையரங்குகளில் இடைவேளையில் போட்ட விளம்பரக் கண்ணாடி ஸ்லைடுகள் 35 மி.மீ. ஸ்லைடைவிடப் பெரியவை. திறப்பு 75 மி.மீ. என்று வைத்தால் இதே 1.8 மீட்டருக்கு 24 மடங்கு போதும். ஆனால் 9.70 மீட்டரிலிருந்து காட்ட 388 மி.மீ. லென்ஸ் வேண்டும்.

தூரம் கூடினால் வெளிச்சம் மங்காதா என்று கேட்கத் தோன்றும். படத்தின் அகலம் அதே 1.8 மீட்டராக இருந்தால், தூரம் மட்டும் காரணமாக மங்காது. ஒளி பரவும் பரப்பு மாறவில்லையே. 90 மி.மீ. லென்ஸைப் பின்னால் வைத்து 3.74 மீட்டருக்குப் பரப்பினால்தான் அதே ஒளி நாலு மடங்குக்கும் மேலான பரப்பில் சிதறி, பிரகாசம் கால் பங்குக்கும் கீழே போகும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு லென்ஸ்களின் எஃப் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப் 2.8 உள்ள 90 மி.மீ. லென்ஸுக்கு 32 மி.மீ. விட்டம் போதும், 180-க்கு 64 மி.மீ. வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி விலை அதிகம், கருவியின் குழாய்க்குள் நுழையாமலும் போகலாம். அதனால் நீண்ட லென்ஸ்கள் பலவும் எஃப் 4-ஐ ஒட்டி வந்துவிடுகின்றன. அங்கேதான் பாதி வெளிச்சம் போகிறது. வாங்கும்போது குவியத் தூரத்தோடு இந்த எண்ணையும் படிக்க வேண்டும். இன்னொன்று, பல்பின் ஒளியைத் திரட்டி லென்ஸுக்குள் அனுப்பும் கண்டென்சர் லென்ஸும் ஒரு குறிப்பிட்ட குவியத் தூர வரம்புக்காகச் செய்யப்பட்டது. வரம்பைத் தாண்டிய லென்ஸைப் போட்டால் படத்தின் மூலைகள் இருண்டு போகும். சில கருவிகளில் கண்டென்சரையும் மாற்றிக்கொள்ளலாம்.

பின்னால் போவதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. திரையின் நடுப்பகுதி லென்ஸைவிட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் கருவியை அண்ணாந்து வைக்க வேண்டும். அப்போது படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் விழும். 4.85 மீட்டரிலிருந்து காட்டினால் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிட சுமார் 9 செ.மீ. நீண்டுவிடும். 9.70 மீட்டரிலிருந்து காட்டினால் வித்தியாசம் 2 செ.மீ.யைச் சற்றே தாண்டும், கண்ணுக்கு உறுத்தாது. நீண்ட லென்ஸுக்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

தெளிவில் வரும் கோளாறுகளையும் பார்த்தே அடையாளம் காணலாம். இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் மங்கலாகவும் இருந்தால் கருவி திரைக்கு நேராக இல்லை. நடுப்பகுதி கூர்மையாக இருக்கும்போது ஓரங்கள் மங்கி, ஓரங்களைச் சரிசெய்தால் நடுப்பகுதி மங்கினால், ஃபிலிம் வளைந்திருக்கிறது. பல்பின் சூட்டில் ஃபிலிம் சட்டத்துக்குள் மெல்லக் குமிழும். அது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று பாருங்கள்: ஸ்லைடு பக்கத்தில் ஏற்படும் அசைவு திரைப் பக்கத்தில் உருப்பெருக்கத்தின் வர்க்க மடங்காகப் பெருகும். 52.9-இன் வர்க்கம் சுமார் 2800. ஃபிலிம் பத்தில் ஒரு மி.மீ. நகர்ந்தால், தெளிவான படம் விழும் இடம் 28 செ.மீ. நகர்ந்துவிடும். அதனால்தான் திரையில் தெளிவாக வைத்த படம் சில நொடிகளில் தானாகவே கலங்குகிறது. கண்ணாடிச் சட்டத்தில் போட்ட ஸ்லைடு வளையாது. காகிதச் சட்டத்துக்கென்றே, வளைந்த ஃபிலிமுக்கு ஏற்றபடி லைக்கா நிறுவனம் கலர்ப்ளான் லென்ஸில் சி.எஃப். என்று தனி வகை செய்தது. அதைக் கண்ணாடிச் சட்ட ஸ்லைடுக்குப் போட்டால் தட்டையான படத்தின் ஓரங்கள் மங்கும். தட்டைக்குத் தட்டை, வளைவுக்கு வளைவு என்று பொருத்த வேண்டும்.

கையில் கிடைத்த லென்ஸில் எண் அழிந்து போயிருந்தால்? கருவியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, படத்தைத் தெளிவாக்கி, அகலத்தை அளக்க வேண்டும். பிறகு சரியாக 2 மீட்டர் பின்னால் இழுத்து, மறுபடி தெளிவாக்கி, அளக்க வேண்டும். அகலம் 45.3 செ.மீ. கூடியிருந்தால், 34-ஐ 2000-ஆல் பெருக்கி 453-ஆல் வகுத்தால் போதும். விடை 150 மி.மீ. லென்ஸின் எந்தக் கண்ணாடியிலிருந்து தூரத்தை அளப்பது என்ற குழப்பம் இதில் கிடையாது. இரண்டு தூரங்களின் வித்தியாசத்தை மட்டுமே எடுப்பதால், லென்ஸுக்குள் இருக்கும் அந்தத் தெரியாத புள்ளி கழிந்து போய்விடுகிறது.