இரிடியம் உள்ளே போகும் பத்து நிமிடம்

ஐந்து வாரம் தினமும் மெஷினில் படுத்துக் கரண்ட் வைத்தாயிற்று. ரத்தப்போக்கு நின்றுவிட்டது, வலியும் குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் மருத்துவர், "அடுத்து உள்ளே கருவி வைத்துக் கதிர் கொடுக்க வேண்டும்" என்கிறார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு, 'அதுதான் நின்றுவிட்டதே, இது எதற்கு?' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த இடத்தில் சிகிச்சையை நிறுத்திக்கொள்வது பெரிய ஆபத்து.

கட்டி கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கிவிட்ட நிலையை எடுத்துக்கொள்வோம். இந்த நிலையில் முதன்மையான சிகிச்சை கதிர்வீச்சுதான், அறுவை அல்ல. வெளியிலிருந்து தரும் கதிர் இடுப்பெலும்புக் கூட்டின் உட்பகுதி முழுவதையும் நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து நனைக்கிறது. ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 25 நாளில் 45 கிரே என்பது வழக்கமான கணக்கு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றுவார்கள்.

கட்டியை முற்றிலும் அழிக்க இது போதாது. அதற்கு 80 முதல் 90 கிரே வரை தேவை. 'அப்படியானால் வெளியிலிருந்தே கூட்டிக் கொடுக்கலாமே' என்றால், கருப்பை வாய்க்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலே குடல் சுருள்கள். வெளியிலிருந்து வரும் கதிர் இவற்றின் வழியாகத்தான் உள்ளே போய் மறுபுறம் வெளியேறுகிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டி அழியும் முன்பே குடல் புண்ணாகும். போதாக்குறைக்குக் கருப்பை ஓரிடத்தில் நிற்பதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினாலே அது நகர்ந்துவிடும்.

பிராக்கிதெரபி என்னும் உள் கதிர்வீச்சில் கதிர் கட்டியின் நடுவிலிருந்தே புறப்படுகிறது. பெரும்பாலும் பயன்படுவது அரிசி மணியைவிடச் சிறிய இரிடியம்-192. இதன் பலமே தூரம் கூடக் கூட வேகமாக வலுவிழப்பதில் இருக்கிறது. கதிர்மூலத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் 7 கிரே விழுந்தால், நான்கு சென்டிமீட்டரில் ஏறக்குறைய கால் பங்குதான் விழும். கருப்பை நகர்ந்தால் உள்ளிருக்கும் கருவியும் அதோடு சேர்ந்தே நகரும்.

சிகிச்சை நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். பல இடங்களில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுகிறார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தியபின், டேண்டம் என்னும் மெல்லிய உலோகக் குழாயைக் கருப்பை வாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். அதன் இருபுறமும் ஓவாய்டு என்னும் இரு உருண்டைகள் கருப்பை வாயை ஒட்டி அமரும். பிறகு யோனிக்குள் காஸ் துணியை இறுக்கமாக அடைப்பார்கள். கருவி அசையாமல் நிற்பதோடு, சிறுநீர்ப்பையும் மலக்குடலும் சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். தூரமே மருந்தாக இருக்கும் இந்தச் சிகிச்சையில் அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

கட்டி வழியை மறைத்திருந்தால் டேண்டம் தடம் மாறிக் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடக்கூடும். செருகும்போதே அல்ட்ராசவுண்டில் பார்ப்பதும், பிறகு சிடி ஸ்கேன் எடுப்பதும் இதற்காகவும்தான். துளைத்திருப்பது தெரிந்தால் அந்த நிலையில் கதிர் கொடுப்பதில்லை. கருவியைச் சரிசெய்வார்கள் அல்லது எடுத்துவிட்டு வேறொரு நாளில் செருகுவார்கள்.

ஸ்கேனை வைத்து, இரிடியம் எந்த இடத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கதிர் இயற்பியலாளர் திட்டமிடுவார். அதுவரை அசையாமல் படுத்திருப்பதுதான் நோயாளிக்குச் சிரமமான நேரம். பிறகு கருவியோடு மெஷினின் குழாய்களை இணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறுவார்கள். முதலில் கதிரில்லாத வெற்றுக் கம்பி ஒன்று போய் வழி சரியா என்று பார்த்துத் திரும்பும். அடுத்து இரிடியம் போய், குறித்த இடங்களில் நின்று நின்று திரும்பும். கதிர் பாய்வது உடம்புக்குத் தெரியாது. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடுவதால், இன்று பத்து நிமிடத்தில் முடியும் அதே அளவு அப்போது இருபது நிமிடம் பிடிக்கும். அது மெஷினுக்குள் திரும்பியதும் உடம்பில் கதிர் மிச்சமில்லை. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம்.

இப்படி 7 கிரே வீதம் நான்கு முறை கொடுத்தால் 28. வெளிக் கதிரின் 45-ஐச் சேர்த்தால் 73தான் வருகிறது. ஆனால் ஒரே வேளையில் பெரிய அளவாக விழுவதால், கட்டியின் மீதான விளைவு சுமார் 84 கிரேக்குச் சமம். மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் தப்பிய செல்கள் மறுபடி பெருகும்.

அமெரிக்காவில் 1988-இல் இத்தகைய நோயாளிகளில் 83 சதவீதம் பேருக்கு உள் கதிர் கிடைத்தது. 2009-இல் அது 58 சதவீதமாகக் குறைந்தது. இதைக் கண்டறிந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, ஒத்த நிலையிலிருந்த நோயாளிகளை ஒப்பிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் உள் கதிர் பெற்றவர்களில் 58 சதவீதமும் பெறாதவர்களில் 46 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். புண் ஆறியபின் டைலேட்டர் என்னும் வழவழப்பான குழாயை வாரத்தில் சில முறை பயன்படுத்தச் சொல்வது இதற்காகவே. பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். சுருங்கிவிட்டால் தாம்பத்தியம் வலிப்பதோடு, மருத்துவர் உள்ளே பரிசோதித்து நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் கடினமாகும். மாதங்கள் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால் மூலம், சூடு என்று விட்டுவிடாமல், கதிர் கொடுத்த மருத்துவரிடமே முதலில் காட்ட வேண்டும்.