மருத்துவப் பதிவுகளை இணையவழியில் பகிர்தல்: ஒப்புதல் அளிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஆபா என்பது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் ஆகும். இதைப் பெறுவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. இந்த எண்ணுடன் இணைக்கப்பட்ட மருந்துச்சீட்டுகளும் பரிசோதனை அறிக்கைகளும் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படுவதில்லை. அவற்றை உருவாக்கிய மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் கணினி அமைப்பிலேயே அவை இருக்கும். வேறொரு மருத்துவர் அவற்றைக் காண உங்கள் ஒப்புதல் தேவை.

ஒப்புதல் கோரிக்கையில் இருப்பவை

மருத்துவர் அனுப்பும் கோரிக்கை உங்கள் கைபேசிச் செயலியில் தோன்றும். கேட்பவர் யார், எந்த நோக்கத்திற்காக, எவ்வகைப் பதிவுகள், எந்தக் காலத்தவை, எந்த நாள் வரை பார்க்கலாம் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். பதிவுகளின் வகை, காலம், ஒப்புதல் முடியும் நாள் ஆகியவற்றை நீங்கள் குறைத்து அனுமதிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

68 வயதான ஒருவர் கண்புரை அறுவை சிகிச்சைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். பத்து ஆண்டுகளின் அனைத்துப் பதிவுகளையும் ஓராண்டு வரை காணும் அனுமதி கேட்கப்படுகிறது. முன்பு மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கியதை அவர் வெளிப்படுத்த விரும்பவில்லை. எனவே அந்த மருத்துவமனையைத் தேர்விலிருந்து நீக்கி, ஒப்புதலின் காலத்தை ஒரு மாதமாகக் குறைக்கலாம்.

ஆனால் கடந்த ஆறு மாதப் பதிவுகள் மட்டும் போதும் என்று காலத்தையும் சுருக்கினால் ஆபத்து நேரலாம். புராஸ்டேட் வீக்கத்திற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் டாம்சுலோசின் மாத்திரை உட்கொண்டிருந்தால், அந்தச் சீட்டு மறைந்துவிடும். இம்மருந்து கருவிழித் திரையைத் தளரச் செய்து அறுவை சிகிச்சையைச் சிக்கலாக்கக்கூடும்; மருந்தை நிறுத்திய பின்னரும் இவ்விளைவு நீடிக்கலாம். முன்னரே அறிந்தால் மருத்துவர் தக்க ஏற்பாடுகளைச் செய்துகொள்வார். ஆகவே எந்தப் பதிவுகள் தேவை என்று மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே சுருக்குங்கள். பகிராத சீட்டில் உள்ள மருந்துகளை வாய்மொழியாகவேனும் தெரிவியுங்கள்.

கவனத்தில் கொள்க

- இத்திட்டத்தில் இணையாத மருத்துவமனையின் பதிவுகள் தாமாக வந்து சேரா. பழைய காகிதச் சீட்டுகளை நீங்களே படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும்.
- பெயர் அல்லது பிறந்த ஆண்டு மருத்துவமனைப் பதிவேட்டில் வேறுபட்டிருந்தால் அறிக்கை உங்கள் கணக்கில் இணையாமல் போகலாம். பதிவுப் பிரிவில் திருத்தம் கோருங்கள்.
- ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதன்பின் புதிதாகப் பதிவுகளைப் பெற இயலாது. மருத்துவர் முன்பே படித்ததையும் குறித்துக்கொண்டதையும் அது அழிக்காது.
- முதியவருக்காகக் கணக்கைக் கையாளும் பராமரிப்பாளர், ஒவ்வொரு கோரிக்கையையும் அவரிடம் கூறி இசைவு பெற்ற பின்னரே அனுமதிக்க வேண்டும்.
- தொலைபேசியில் எவர் கேட்டாலும் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தெரிவிக்க வேண்டாம்.